75-வது பர்சென்டைல் சம்பளம் கேட்கப் போறீங்களா? முதல்ல நீங்க எந்தக் கூட்டத்துல நிக்கிறீங்கன்னு பாருங்க

சில மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் சித்தி மகன் திருத்தணியில எங்க வீட்டுக்கு வந்தான். கையில மொபைல், அதுல ஒரு சம்பள சர்வே பி.டி.எஃப். "அண்ணா, இந்த வருஷம் அப்ரைசல்ல 75-வது பர்சென்டைல் கேட்கப் போறேன். நியாயமாத்தானே இருக்கு?"ன்னு கேட்டான்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஆட்டோ பாகங்கள் கம்பெனியில அவன் அக்கவுன்ட்ஸ் எக்சிகியூட்டிவ். பி.காம், சி.ஏ இன்டர் முடிச்சவன், ஆறு வருஷ அனுபவம். சி.டி.சி 5.40 லட்சம். அவன் காட்டின வரிசையில 25-வது பர்சென்டைல் 4.2 லட்சம், மீடியன் 5.0 லட்சம், 75-வது பர்சென்டைல் 6.2 லட்சம். "நான் ஏற்கெனவே மீடியனுக்கு மேல இருக்கேன். இன்னும் 80,000 ஏத்திக் கேட்டா 75-க்கு வந்துடுவேன்" என்பது அவன் கணக்கு.

கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்குக்குக் கீழே இருந்த ரெண்டு விஷயம் தப்பு. அவன் கேட்கப் போனது அதிகம்னு நினைச்சுக்கிட்டிருந்தான். உண்மையில ரொம்பக் குறைச்சலாக் கேட்கப் போனான். அது எப்படின்னு இந்தப் பதிவுல படிப்படியாப் பார்க்கலாம். அவன் அடையாளம் தெரியக்கூடாதுன்னு தொகைகளை மாற்றி, ரவுண்டு பண்ணிப் போட்டிருக்கேன். அதனால இதை மார்க்கெட் ரேட்டா எடுத்துக்காதீங்க, முறையை மட்டும் எடுத்துக்குங்க.

பர்சென்டைல்னா மார்க் கிடையாது, இடம்

நம்ம ஊர் மலைக்கு 365 படி. ஒரே மாதிரி வேலை பார்க்கிற 365 பேரை, சம்பளம் குறைஞ்சவர் கீழ்ப்படியில, கூடினவர் மேல்படியில, ஆளுக்கு ஒரு படின்னு நிக்க வைங்க. 183-வது படியில நிக்கிறவருக்குக் கீழே 182 பேர், மேலே 182 பேர். அவர் வாங்குற சம்பளம்தான் மீடியன், அதாவது 50-வது பர்சென்டைல். ஏறக்குறைய 92-வது படியில நிக்கிறவர் 25-வது பர்சென்டைல், 274-வது படிக்காரர் 75-வது பர்சென்டைல். அவருக்கு மேல இன்னும் 91 பேர் இருக்காங்க.

75-வது பர்சென்டைல்னா உச்ச சம்பளத்துல முக்கால் பங்குன்னு அர்த்தம் இல்லை. நூத்துக்கு 75 மார்க் வாங்கின நல்ல ஊழியர்னும் அர்த்தம் இல்லை. வரிசையில அந்த இடத்துல ஒருத்தர் நிக்கிறார், அவ்வளவுதான். நீட் தேர்வுல பொதுப்பிரிவுக்கு 50-வது பர்சென்டைல்தான் தகுதிக் கோடுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனால் நீட்ல எல்லாரும் ஒரே கேள்வித்தாள் எழுதுறாங்க. சம்பள சர்வேயில ஒவ்வொருத்தர் எழுதுறதும் வேற வேற கேள்வித்தாள். கம்பெனி வேற, பொறுப்பு வேற, ஊர் வேற. இந்த ஒரு வித்தியாசத்தை மனசுல வெச்சுக்குங்க, மீதியெல்லாம் இதுலேர்ந்துதான் வரும்.

சராசரி இருக்கும்போது எதுக்கு மீடியன்? ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஊர்ல ஏழு அக்கவுன்டன்ட்களோட மாதச் சம்பளம் 18, 20, 21, 22, 24, 30, 45 ஆயிரம்னு வெச்சுக்குங்க. கூட்டினா 180, ஏழால வகுத்தா சராசரி 25,700 ரூபாய். ஆனால் அந்தச் சராசரிக்கு மேல வாங்குறவங்க ஏழுல ரெண்டே பேர். 45 ஆயிரம் வாங்குற ஒருத்தர் மொத்தத்தையும் மேலே இழுத்துட்டார். நடுவுல நிக்கிற நாலாவது ஆள் வாங்குறது 22,000. அதுதான் மீடியன். 45 ஆயிரக்காரர் நாளைக்கு 90 ஆயிரம் வாங்கினாலும் மீடியன் அசையாது. காலேஜ் விளம்பரத்துல 'சராசரி பேக்கேஜ்' போட்டிருந்தா நான் கண்டுக்காமக் கடந்து போறது இதனாலதான்.

அதே ஏழு பேருக்கு 75-வது பர்சென்டைல் என்ன? ஷீட்ல இந்த ரெண்டு ஃபார்முலாவையும் போட்டுப் பாருங்க:

```
=PERCENTILE.INC(A1:A7,0.75)
=PERCENTILE.EXC(A1:A7,0.75)
```

முதல்ல உள்ளது 27 தரும், ரெண்டாவது 30 தரும். அதே ஏழு பேர், அதே சம்பளம், 75-வது பர்சென்டைல் மட்டும் ரெண்டு! எண்ணுற முறை கொஞ்சம் மாறினதுக்கே மாசம் 3,000 ரூபாய் வித்தியாசம். மீடியனுக்கு ரெண்டு முறையிலும் 22-தான் வரும். எத்தனை பேர் விவரத்துலேர்ந்து இந்த எண் வந்ததுன்னு சர்வேயில தேடிப் பார்க்கச் சொல்றது இதுக்காகத்தான். சின்ன கூட்டமா இருந்தா மீடியனை ஓரளவு நம்பலாம், 75-ஐ நம்பி மேனேஜர் ரூமுக்குள்ள போகக்கூடாது.

தம்பியோட முதல் தப்பு: சி.டி.சியைக் கொண்டுபோய் ஃபிக்ஸட் பேயோட ஒப்பிட்டது

பி.டி.எஃப்ல அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்துல ஒரு வரி இருந்தது. இந்தத் தொகைகள் எல்லாம் வருடாந்திர ஃபிக்ஸட் பே என்று. அதாவது பேசிக், ஹெச்.ஆர்.ஏ, அலவன்ஸ் சேர்ந்தது. இன்சென்டிவ் சேராது, கம்பெனி கட்டுற பி.எஃப் சேராது, கிராஜுவிட்டி சேராது.

தம்பியோட ஆஃபர் லெட்டரை எடுத்துப் பிரிச்சோம். 5.40 லட்சத்துல கம்பெனி பங்கு பி.எஃப் மாசம் 1,800 வீதம் 21,600. கிராஜுவிட்டிக்குன்னு பேசிக்ல 4.81 சதவீதம், அவனுக்கு அது சுமார் 13,000. குரூப் இன்சூரன்ஸ் பிரீமியம் 5,400. டார்கெட் முடிச்சா மட்டும் கிடைக்கிற வேரியபிள் பே 40,000. மொத்தம் 80,000. கழிச்சா ஃபிக்ஸட் பே 4.60 லட்சம்தான்.

இப்போ திரும்ப அட்டவணைக்குப் போங்க. 25-வது 4.2, மீடியன் 5.0. மீடியனுக்கு மேல இருக்கேன்னு சொன்னவன், உண்மையில மீடியனுக்குக் கீழே நிக்கிறான். தம்பி முகம் கொஞ்சம் வாடிடுச்சு. ஆனால் இது தெரியாம அவன் 6.2 லட்சம் சி.டி.சி கேட்டு, கம்பெனி உடனே சரின்னு சொல்லியிருந்தா? ஃபிக்ஸட் 5.3 லட்சம் சுத்தி வந்திருக்கும். 75-வது பர்சென்டைல் வாங்கிட்டோம்னு சந்தோஷமா இனிப்பு கொடுத்திருப்பான், மீடியனைத் தாண்டி ஒரு அடிதான் எடுத்து வெச்சிருப்பான்.

சர்வேயில பொதுவா மூணு விதமான தொகை வரும். ஃபிக்ஸட் மட்டும், ஃபிக்ஸட் கூட அந்த வருஷம் கையில வந்த போனஸ், முழு சி.டி.சி. இதுல எது உங்க முன்னாடி இருக்குன்னு தெரியாம ஒப்பிட்டா, அரிசி விலையையும் சாப்பாட்டு விலையையும் ஒப்பிடுற மாதிரி. ஊழியர்கள் தாங்களே பதிவு பண்ற கிளாஸ்டோர், ஆம்பிஷன்பாக்ஸ் மாதிரி தளங்கள்ல இந்தக் குழப்பம் இன்னும் ஜாஸ்தி. ஒருத்தர் சி.டி.சி போடுவார், இன்னொருத்தர் ஃபிக்ஸட் போடுவார், எல்லாம் ஒரே வரிசையில நிக்கும்.

சர்வே தேதியையும் பாருங்க. தம்பி வெச்சிருந்தது ரெண்டு மாசம் பழசு, பரவாயில்லை. ஒரு வருஷம் பழசா இருந்து, அந்த வேலைக்கு மார்க்கெட்ல 9 சதவீதம் ஏறியிருந்தா, அட்டவணையில 7.8-னு இருக்கிறது இன்னைக்கு 8.5. ஹெச்.ஆர் ஆட்கள் இதைக் கட்டாயம் பண்ணுவாங்க. நாமதான் பண்றதில்லை.

ரெண்டாவது தப்பு: தப்பான வரிசையில நின்னது

இதுதான் பெரிய தப்பு. அவன் டெசிக்னேஷன் அக்கவுன்ட்ஸ் எக்சிகியூட்டிவ், அதனால அந்த வரியைப் பார்த்தான். நான், "டெசிக்னேஷனை விடு. மாசம் முழுக்க என்ன பண்றேன்னு ஒரு பேப்பர்ல எழுது"ன்னு சொன்னேன்.

அவன் எழுதினது இது. கம்பெனிக்கு இங்கே தொழிற்சாலை, ஆந்திராவுல ஒரு டிப்போ. அதனால ரெண்டு ஜி.எஸ்.டி பதிவு, 33-ல தொடங்குறது ஒண்ணு, 37-ல தொடங்குறது ஒண்ணு. ரெண்டுக்கும் மாதாந்திர ரிட்டர்ன் அவன்தான் தயார் பண்றான். சொந்த டிப்போவுக்கே சரக்கு அனுப்பினாலும் மாநிலம் தாண்டினா ஜி.எஸ்.டியில அது வரி போட வேண்டிய சப்ளை. அதோட மதிப்பு, இன்வாய்ஸ், இ-வே பில் எல்லாம் அவன் பொறுப்பு. சப்ளையர் போட்டதும் நாம எடுத்த கிரெடிட்டும் ஒத்துப் போகுதான்னு 2பி பார்க்கிறது, துறை நோட்டீஸுக்குப் பதில் வரைவு போடுறது, வருடாந்திர ஆடிட்டுக்கு ஷெட்யூல் போட்டு ஆடிட்டர் கேள்விக்கு உட்கார்றது, ரெண்டு ஜூனியருக்கு வேலை பிரிச்சுக் கொடுத்து சரிபார்க்கிறது. பட்ஜெட் போடுறதும் பேங்க் பேமெண்ட்ல கையெழுத்து அதிகாரமும் மட்டும் அவனுக்கு இல்லை.

அதே பி.டி.எஃப்ல நாலு வரி கீழே 'அசிஸ்டென்ட் மேனேஜர், டாக்ஸ் மற்றும் அக்கவுன்ட்ஸ்'னு ஒரு வரி, பக்கத்துல வேலை விவரம். படிச்சுப் பார்த்தா தம்பி எழுதின பேப்பரும் அதுவும் பெரும்பாலும் ஒண்ணுதான். சம்பள சர்வே பயன்படுத்துறவங்க மத்தியில ஒரு நடைமுறை உண்டு: சர்வேயில கொடுத்திருக்கிற வேலை விவரத்துல பத்துல ஏழு பங்காவது உங்க வேலையோட பொருந்தணும். பெயர் பொருந்தினா போதாது. தம்பிக்கு ஏழு பங்கு பொருந்திச்சு. மேல் வரியில நிக்க அவனுக்குத் தகுதி இருக்கு, ஆனால் விளிம்புலதான்.

அந்த வரியோட எண்கள்: 25-வது 6.3, மீடியன் 7.8, 75-வது 9.6 லட்சம். எல்லாம் ஃபிக்ஸட்.

இப்போ பாருங்க. அவன் முதல் வரியோட 75-ஐ, 6.2 லட்சத்தை, மலை உச்சி மாதிரி பார்த்துக்கிட்டிருந்தான். சரியான வரியில அது 25-வது பர்சென்டைலுக்கும் கீழே. தப்பான கூட்டத்துல முன்வரிசைக்குப் போராடுறதை விட, சரியான கூட்டத்துல பின்வரிசையில நின்னாலே அதிகம் கிடைக்கும். இந்தப் பதிவுல நான் சொல்ல வர்ற ஒரே கருத்து இதுதான்: பர்சென்டைலைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னாடி கூட்டத்தைத் தேர்ந்தெடுங்க.

இதோட மறுபக்கமும் உண்டு. 'மேனேஜர்'னு கார்டு இருக்கும், வேலை பில் என்ட்ரியாத்தான் இருக்கும். அவங்க மேனேஜர் வரியைப் பார்த்து, நமக்கு 25-வது பர்சென்டைல் கூட வரலைன்னு கோபப்படுவாங்க. வேலையை எழுதிப் பார்த்தா அவங்க சரியான வரியில மீடியனுக்கு மேலேயே இருப்பாங்க. கோபத்துல கம்பெனி மாறினா அடுத்த இன்டர்வியூவுல மூணாவது கேள்வியிலேயே மாட்டிக்குவாங்க.

அப்போ எந்த பர்சென்டைலைக் குறி வைக்கிறது?

"சரி அண்ணா, இந்த வரியிலேயே 75 கேட்கவா?" தம்பி அடுத்து கேட்டது இதுதான். வேண்டாம்னு சொன்னேன். காரணம் இருக்கு.

அமெரிக்காவுல ஹெச்-1பி விசாவுக்கு ஒரு சம்பள ஏணி இருக்கு, நம்ம பக்கத்துல பல வீட்டுக்கு இது பழக்கமான விஷயம். ஒரு வேலைக்கு அந்த ஊர்ல நிலவுற சம்பளத்தை நாலு லெவலாப் பிரிச்சு வெச்சாங்க. லெவல் 1, இப்பத்தான் தொடங்குறவர், ஏறக்குறைய 17-வது பர்சென்டைல். லெவல் 2, 34. லெவல் 3, நல்ல அனுபவம் உள்ளவர், 50. லெவல் 4, தானே முழுப் பொறுப்பும் எடுத்து நடத்துறவர், 67. இந்த எண்கள் குறைவுன்னு அங்கே பெரிய சண்டையே நடந்தது, 2020-லயும் 2021-லயும் ஏத்தப் பார்த்தாங்க, நீதிமன்றத்துல அது நிக்கலை. அந்த அரசியல் நமக்கு வேண்டாம். கவனிக்க வேண்டியது அமைப்பை: எந்த பர்சென்டைல்ங்கிறது அந்த வேலையில நீங்க எவ்வளவு தூரம் வந்திருக்கீங்கங்கிறதைப் பொறுத்தது. ஆசையைப் பொறுத்தது இல்லை.

இதையே நம்ம நிலைமைக்கு நான் இப்படி வெச்சிருக்கேன். ஒரு வேலைக்குப் புதுசா, இன்னும் சில பகுதியைக் கத்துக்கிட்டு இருக்கீங்கன்னா, 25-க்கும் 50-க்கும் நடுவுல இருக்கிறது நியாயம். யார் உதவியும் இல்லாம முழு வேலையும் பண்றீங்கன்னா மீடியன் உங்க உரிமை. அதுக்குக் கீழே இருந்தா கேட்டே ஆகணும். மீடியன்னா சுமாரான ஆள்னு பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. அந்த வேலையை ஒழுங்காப் பண்றவங்களுக்கு மார்க்கெட் கொடுக்கிற விலை அது.

75 கேட்கணும்னா, கம்பெனி ஏன் கூடுதல் காசு கொடுக்கணும்ங்கிறதுக்கு ஒரே வரியில காரணம் சொல்ல முடியணும். "ரெண்டு மாநில ஜி.எஸ்.டியும் நான் தனியா முடிக்கிறேன், போன வருஷம் வந்த நோட்டீஸை வரி கட்டாம முடிச்சுக் கொடுத்தேன்" என்பது காரணம். "நான் கடுமையா உழைக்கிறேன்" என்பது காரணம் இல்லை. மீடியன்ல இருக்கிறவரும் கடுமையாத்தான் உழைக்கிறார்.

இதுல பலருக்குத் தெரியாத இன்னொண்ணு. 75-வது படியில நிக்கிறவங்க எல்லாம் 75-வது தரத் திறமைசாலிங்க இல்லை. அதுல நிறைய பேர், அதிகம் கொடுக்கிற கம்பெனியில இருக்கிறவங்க. பெரிய கம்பெனிங்க, எந்த பர்சென்டைல்ல சம்பளம் கொடுக்கணும்னு முன்கூட்டியே கொள்கையா முடிவு பண்ணிடும். 'நாங்க மீடியனுக்குக் கொடுப்போம்'னு முடிவு பண்ணின கம்பெனி, மீடியனை நடுவுல வெச்சு, பொதுவா அதுல 80 சதவீதத்துலேர்ந்து 120 சதவீதம் வரைக்கும் ஒரு வரம்பு போடும். நம்ம அட்டவணையில மீடியன் 7.8. அதுக்கு 80 சதவீதம் 6.24, 120 சதவீதம் 9.36. 75-வது பர்சென்டைல் 9.6. வரம்புக்கு வெளியே! அந்த மேனேஜருக்கு உங்களை எவ்வளவு பிடிச்சாலும் சிஸ்டத்துல அந்த எண்ணை ஏத்த முடியாது. அதனால 75 வேணும்னா, 75-க்குக் கொடுக்கிற கம்பெனியைத் தேடணும். மீடியனுக்குக் கொடுக்கிற கம்பெனியில உட்கார்ந்து 75-க்கு வாதாடி வருஷத்தை வீணாக்கக்கூடாது. இன்டர்வியூவுலயே கேட்கலாம்: "இந்த பதவிக்கு உங்க சம்பள வரம்பு என்ன? அதுல என்னை எந்த இடத்துல வைக்கிறீங்க?" இது நாகரிகமான கேள்விதான், நல்ல ஹெச்.ஆர் பதில் சொல்வாங்க.

ஏற்கெனவே 75-க்கு மேல இருக்கிறவங்களுக்கு என் கருத்து: அதே கூட்டத்துல 90-ஐத் துரத்தாதீங்க. வரம்போட மேல் முனையில இருக்கிறவங்களுக்கு இன்க்ரிமென்ட் சின்னதாத்தான் வரும், ஏன்னா ஏற இடம் இல்லை. அந்த நேரத்துல அடுத்த பதவியோட வரிசையில 25-க்குப் போறது புத்திசாலித்தனம்.

பப்ளிக்கா ஒரு மீடியன் இருக்கு, கவனமாப் படிங்க

சர்வே கிடைக்காதவங்களுக்கு ஒரு வழி. பங்குச் சந்தையில இருக்கிற ஒவ்வொரு கம்பெனியும், கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 197(12)-ன்படி, ஒவ்வொரு டைரக்டர் சம்பளமும் ஊழியர்களோட மீடியன் சம்பளத்தைப் போல எத்தனை மடங்குன்னு போர்டு ரிப்போர்ட்ல சொல்லணும். 2014-ல வந்த விதி 5, அந்த வருஷம் மீடியன் எத்தனை சதவீதம் ஏறிச்சுன்னும் கேட்குது. டைரக்டர் சம்பளத்தை அந்த மடங்கால வகுத்தா மீடியன் வந்துடும். பேப்பர்ல 'சி.இ.ஓ-வுக்கு ஊழியரை விட இத்தனை நூறு மடங்கு'ன்னு வர்ற செய்தி எல்லாம் இங்கேர்ந்துதான் வருது.

ஆனால் இது முழுக் கம்பெனிக்கும் சேர்த்த மீடியன். தொழிற்சாலை ஆட்கள் அதிகமா இருந்தா நடுவுல நிக்கிறவர் ஒரு ஆபரேட்டரா இருப்பார். ஐ.டி கம்பெனியில நிறைய ஃபிரெஷர் எடுத்த வருஷம் மீடியன் கீழே இறங்கலாம், யார் சம்பளமும் குறையாமலேயே. அதனால உங்க சம்பளத்தை அதோட நேரா ஒப்பிடாதீங்க. ஒரே துறையில ரெண்டு கம்பெனியை ஒப்பிடவும், நாலஞ்சு வருஷமா சம்பளம் எந்த வேகத்துல ஏறுதுன்னு பார்க்கவும் இது உதவும்.

தம்பி கதை எப்படி முடிஞ்சது

அவன் மேனேஜர்கிட்ட, பேப்பர்ல எழுதின வேலைப் பட்டியலோட போனான். அசிஸ்டென்ட் மேனேஜர் பதவியும், அந்த வரம்போட தொடக்கமும் கேட்டான். மேனேஜர் நியாயமான மனுஷர், ஒத்துக்கிட்டார். ஆனால் ஹெச்.ஆர் ஒரே வருஷத்துல 13 சதவீதத்துக்கு மேல ஏத்த விதி இல்லைன்னுட்டாங்க. 4.60 ஃபிக்ஸட் 5.20 ஆச்சு, பதவி அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொன்னாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில அசிஸ்டென்ட் மேனேஜர் பதவி, 6.60 லட்சம் ஃபிக்ஸட் கிடைச்சது. அந்த வரியில 25-க்குக் கொஞ்சம் மேல, மீடியன்ல 85 சதவீதம். போனதுக்கு விலையும் இருக்கு. பழைய கம்பெனி பஸ் திருத்தணி வரைக்கும் வந்தது, இது வராது. வார நாள்ல ஒரகடத்துல நண்பர்களோட ரூம், சாப்பாடு சேர்த்து வருஷத்துக்கு 60,000-க்கு மேல போகும். பழைய இடத்துல ஹெச்.ஆர் கொடுத்த 5.20-ஓட பார்த்தா 1.40 லட்சம் கூடுதல், செலவு போனா 80,000 கிட்ட மிச்சம். 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில இந்த அளவு சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, அதனால வரியால குறையாது. அஞ்சு வருஷம் தாண்டிட்டதால பழைய கம்பெனி கிராஜுவிட்டியும் கைக்கு வந்துடுச்சு. நாலு வருஷத்துல விட்டிருந்தா அது கிடைச்சிருக்காது. மாறுற தேதியை முடிவு பண்ணும்போது இதையும் பாருங்க.

80,000. அவன் முதல் நாள் கேட்க நினைச்சதும் அதே 80,000-தான்! "அப்போ என்னண்ணா வித்தியாசம்?"னு அவனே கேட்டான். வித்தியாசம் அவன் நிக்கிற வரிசையில. பழைய வரிசையில 75-வது இடமே 6.2 லட்சம். இப்போ அவனுக்கு மீடியன் 7.8-ல இருக்கு, பட்ஜெட் வேலையும் கையெழுத்துப் பொறுப்பும் பழகி முழு வேலையும் தானே பண்ண ஆரம்பிச்சா, ரெண்டு மூணு வருஷத்துல அதைக் கேட்க அவன்கிட்ட காரணம் இருக்கும்.

சித்திக்கு மட்டும் இன்னும் சமாதானம் இல்லை. "வீட்டுச் சாப்பாட்டை விட்டுட்டு எந்தப் பர்சென்டைலுக்குடா போனே?"ன்னு ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்கிறாங்களாம். நியாயமான கேள்விதான். திருத்தணியிலேயே ஒரு ஆடிட்டர் ஆபீஸ்லயோ, நகரி பக்கம் ஒரு தறி முதலாளிகிட்டயோ கணக்கு எழுதுறவங்க, சென்னை சர்வேயை எடுத்துக்கிட்டுப் போய் முதலாளி முன்னாடி நிக்காதீங்க. அந்த சர்வேயில அவங்களைப் போன்ற முதலாளிகளே கிடையாது. உங்களுக்கு அதே வேலை பார்க்கிற ஏழு பேரோட சம்பளம் போதும். ஏறுவரிசையில எழுதுங்க, நாலாவது ஆளைப் பாருங்க. நீங்க அவருக்குக் கீழே இருந்தா, கேட்க வேண்டிய எண் அது.

உங்க கையில இருக்கிற ஆஃபர் லெட்டரை இன்னைக்கே எடுங்க. சி.டி.சியிலேர்ந்து ஃபிக்ஸடைப் பிரிங்க. ஒரு பேப்பர்ல மாசம் முழுக்க பண்ற வேலையை எழுதுங்க. அப்புறமா சர்வேயைத் திறங்க. அடுத்த வீடியோவுல ஒரு ஆஃபர் லெட்டரை வரி வரியாப் பிரிச்சுக் காட்டுறேன்.